கில்ட்: மடித்துக் கட்டியதற்கு வந்த பெயர்

ஐரோப்பிய நாட்டுப்புற உடைகளில் வெளியுலகத்துக்கு நன்றாகத் தெரிந்தவை மூன்று. மூன்றின் பெயரும் மூன்று விதமாகப் பிறந்தவை. பவேரியா, ஆஸ்திரியா மலைப்பகுதி ஆண்கள் போடும் லெடர்ஹோசன் என்றால் ஜெர்மனில் தோல் கால்சட்டை, அவ்வளவுதான்; எதில் தைத்தது என்பதை வைத்து வந்த பெயர். அதே ஊர்ப் பெண்களின் டிர்ன்டில் என்ற சொல்லுக்கு அந்த வட்டார வழக்கில் 'சின்னப் பெண்' என்று பொருள். இறுக்கமான மேல்கச்சு, உள்ளே வெள்ளை ரவிக்கை, கீழே சுருக்கு வைத்த பாவாடை, அதன் முன்னால் கட்டும் ஏப்ரன் எல்லாம் சேர்ந்த உடுப்புக்கு, உடுத்துகிறவளின் பெயரே ஒட்டிக்கொண்டது. மூன்றாவது, ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் கில்ட். அது எதில் தைத்தது என்பதையும் சொல்லவில்லை, ஆளையும் சொல்லவில்லை. அது ஒரு செயலின் பெயர். அந்தச் செயல் நமக்கு ரொம்பவே பழக்கமானது.

ஸ்காட்லாந்தின் உடை என்பதால் கில்ட் என்ற சொல்லும் அங்குள்ள கேலிக் மொழியிலிருந்து வந்திருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை. கேலிக் பேசுகிறவர்கள் இந்த உடையை 'ஃபேலா' என்பார்கள். சுற்றிக்கொள்வது என்ற கருத்துள்ள சொல் அது. கில்ட் வடகடல் வழியாக ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்தது. டேனிஷ் மொழியில் 'கில்ட' என்ற வினை இன்னும் இருக்கிறது: நீளமாகத் தொங்கும் துணியைத் தூக்கிச் செருகிக்கொள்வது. ஆங்கிலத்திலும் 14ஆம் நூற்றாண்டிலிருந்தே இது வினைச்சொல். ஓடையைக் கடக்கும்போது பெண்கள் பாவாடையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டால் அதுதான் கில்ட் செய்வது. சேற்றில் இறங்குமுன் வேட்டியை மடித்துக் கட்டுகிறோமே, அதேதான்.

இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியில் 'கியல்டா' என்ற சொல் நிற்கிறது. அதற்கு இரண்டு பொருள்: உட்காரும்போது அமையும் மடி, உடுத்திய துணியைச் சுருட்டிப் பிடிக்கையில் உண்டாகும் மடிப்பு. தமிழில் 'மடி' என்ற ஒரே சொல் இந்த இரண்டையும் சொல்லிவிடுகிறது. குழந்தை உட்காருவதும் மடி, துணியை மடக்குவதும் மடி, வேட்டிச் சுருட்டில் காசு முடிவதும் மடி. இதைப் பார்த்தவுடன் 'நார்ஸ் மொழியும் தமிழ்தான்' என்று கிளம்ப வேண்டாம். ஒலியில் ஒரு தொடர்பும் கிடையாது. சுற்றிக் கட்டும் துணியை உடுத்துகிற மக்கள் எங்கே இருந்தாலும், மடியும் மடிப்பும் அவர்கள் மனத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் போலிருக்கிறது.

வினை எப்போது உடையின் பெயரானது? 18ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில். எட்மண்ட் பர்ட் என்ற ஆங்கிலேய அதிகாரி ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் வேலை பார்த்தபோது எழுதிய கடிதங்கள் 1754இல் அச்சாயின. அவற்றில் 'க்வெல்ட்' என்று எழுதியிருக்கிறார். ஒரே துணியை மடிப்பு மடிப்பாக வைத்து இடுப்பில் கட்டுகிறார்கள், தொடை பாதி வரை வருகிறது, மிச்சத்தைத் தோளில் போட்டுக்கொள்கிறார்கள் என்பது அவர் கண்ட காட்சி. ஆக, வெளியிலிருந்து வந்தவர்கள் கண்ணில் பட்டதைச் சொல்லிப் பெயரிட்டார்கள்: மடித்துக் கட்டியது.

பர்ட் பார்த்தது இன்றைய கில்ட் இல்லை. அது ஃபேலா மோர், அதாவது பெரிய சுற்று. தறியில் வந்த இரண்டு கம்பளித் துண்டுகளை நீளவாட்டில் ஒட்டித் தைத்து, ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் அகலமும் நாலைந்து மீட்டர் நீளமும் உள்ள ஒரு போர்வையாக்குவார்கள். அதை உடுத்தும் முறை பற்றிப் பரவலாகச் சொல்லப்படுவது இது. பெல்ட்டைத் தரையில் கிடத்தி, அதன்மேல் துணியை விரிக்க வேண்டும். நடுப்பகுதியைக் கையால் கொசுவி, இரண்டு ஓரத்தையும் கொசுவாமல் விட வேண்டும். அப்புறம் அதன்மேலேயே மல்லாந்து படுத்து, இரண்டு ஓரத்தையும் வயிற்றின் மேல் மாற்றி மாற்றிப் போர்த்தி, பெல்ட்டை மாட்டிக்கொண்டு எழ வேண்டும். பெல்ட்டுக்குக் கீழே இருப்பது உடை. மேலே தொங்கும் மீதித் துணியைத் தோளில் குத்திக்கொள்ளலாம், மழை வந்தால் தலையில் போட்டுக்கொள்ளலாம். ராத்திரி பெல்ட்டை அவிழ்த்தால் படுக்கை தயார்.

இந்தப் பெரிய சுற்றின் மேல்பாதியை விட்டுவிட்டு, இடுப்புக்குக் கீழே உள்ளதை மட்டும் தனித் துணியாக எடுத்தால் அது ஃபேலா பெக், சின்ன சுற்று. இதைக் கண்டுபிடித்தவர் 1720களில் கிளென்காரியில் இரும்பு உலை நடத்திய தாமஸ் ராலின்சன் என்ற ஆங்கிலேயர், வேலையாட்களின் வசதிக்காகச் செய்தார் என்று ஒரு கதை உண்டு. அதற்கு முன்பே ஆட்கள் அப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று மறுப்பவர்களும் உண்டு. பெரிய துணியில் பாதியை விட்டுவிட்டுக் கட்ட ஒரு கண்டுபிடிப்பாளர் தேவையா என்பது என் சந்தேகம். எப்படியோ, 1745இல் லண்டன் அரசை எதிர்த்து எழுந்த கிளர்ச்சிக்குப் பின், 1746இல் லண்டன் போட்ட சட்டம் மலைநாட்டு ஆண்கள் இந்த உடையையே உடுத்தக் கூடாது என்றது. முதல் தடவை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை, மறுபடி பிடிபட்டால் ஏழு ஆண்டு நாடுகடத்தல். ராணுவத்துக்கு மட்டும் விலக்கு. 1782இல் தடை நீங்கும்வரை கில்ட்டை உயிரோடு வைத்திருந்ததில் மலைநாட்டுப் படைப்பிரிவுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. கைக்கொசுவம் போய்த் தைத்த கொசுவம் நிலைத்ததும் ஏறக்குறைய இந்தக் காலத்தை ஒட்டித்தான்.

சரி, இன்றைய கில்ட்டுக்கு வருவோம். தைத்த கில்ட்டை முழுதாக விரித்தால் நடுவில் கொசுவம், இரண்டு பக்கமும் கொசுவம் இல்லாத பலகை. உடுத்தும்போது கொசுவம் முதுகுப்பக்கம் போய்விடும், இரண்டு பலகையும் முன்னால் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். இதற்கு நம்மிடம் சொல் தயாராக இருக்கிறது: பின்கொசுவம். கிராமத்துப் பாட்டிமார் சேலையைப் பின்கொசுவம் வைத்துக் கட்டியதைப் பார்த்தவர்களுக்கு, கில்ட்டின் அமைப்பை இந்த ஒரே சொல்லில் விளக்கிவிடலாம்.

துணி கெட்டியான கம்பளி, சாய்வரி நெசவு. அதில் கட்டம் போட்டது டார்ட்டன். கோடுகள் ஒரு வரிசையில் வந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கும் அந்த ஒரு முழுச் சுற்றை நெசவுக்காரர்கள் 'செட்' என்பார்கள். நாம் 'ஒரு கட்டம்' என்று வைத்துக்கொள்வோம். கில்ட் தையற்காரரின் கணக்கு முழுக்க இந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. பிருஷ்டச் சுற்றளவு 100 சென்டிமீட்டர் உள்ள ஒருவர் என்று எடுத்துக்கொள்வோம். அதில் பாதி, 50 சென்டிமீட்டர், முன்பலகை. மீதி 50 பின்கொசுவம். ஒவ்வொரு மடிப்பும் வெளியே 2 சென்டிமீட்டர் தெரிந்தால் 25 மடிப்பு வேண்டும். துணியின் கட்டம் 20 சென்டிமீட்டர் என்றால், ஒரு மடிப்பு ஒரு முழுக் கட்டத்தை உள்ளே விழுங்கி, அடுத்த 2 சென்டிமீட்டரை வெளியே காட்ட வேண்டும். அப்போதுதான் பின்பக்கம் மடிப்பே வைக்காத மாதிரி கட்டம் தொடர்ச்சியாகத் தெரியும். ஆக மடிப்புக்கு 22, மொத்தம் 550. இரண்டு பலகைக்கும் 100. பலகையோரம் உள்ளே வைக்கும் ஆழ மடிப்புகளுக்கும் ஓரங்களுக்கும் ஒரு 70, 80. கூட்டினால் 7.3 மீட்டர் பக்கம் வரும். 'எட்டு கஜக் கில்ட்' என்று சொல்வது இதைத்தான். படைப்பிரிவுக் கில்ட்டுகளில் வேறு வழக்கம் உண்டு: ஒவ்வொரு மடிப்பின் நடுவிலும் ஒரே கோடு வரும்படி மடிப்பார்கள். அப்போது மடிப்புக்குச் சரியாக ஒரு கட்டம் போதும். பின்பக்கம் கோடு கோடாகத் தெரியும், நடக்கையில் மடிப்பு விரிந்து உள்ளே இருக்கும் நிறங்கள் வந்து வந்து போகும்.

எட்டு கஜமும் ஒரே நீளமாக வாங்க வேண்டியதில்லை. இரட்டை அகலத் துணியில் நாலு கஜம் எடுத்து, நீளவாட்டில் இரண்டாக வெட்டி, ஒட்டு வெளியே தெரியாமல் ஒரு மடிப்புக்குள் ஒளித்துவிடுவார்கள். கீழ் ஓரத்தை மடித்துத் தைப்பதும் இல்லை. தறியில் வந்த கரைதான் கில்ட்டின் விளிம்பு. அதனால் உயரம் கூடிவிட்டால் கீழே வெட்டிச் சரிசெய்ய முடியாது, அளவை முழுக்க இடுப்புப் பக்கத்தில்தான் தீர்க்க வேண்டும். மடிப்புகளை இடுப்பிலிருந்து பிருஷ்டம் வரை கையால் தைத்து, இடுப்புக்கு ஏற்ப மேலே கொஞ்சம் குறுக்குவார்கள். அதற்குக் கீழே மடிப்புகள் தைப்பில்லாமல் தொங்கும்.

உடுத்தும்போது உள்பலகை முதலில் வலமிருந்து இடம் போகிறது. அதன் வார், இடது இடுப்பில் இருக்கும் ஒரு கீறல் வழியாக வெளியே வந்து பக்கிளில் மாட்டும். அதன்மேல் வெளிப்பலகை இடமிருந்து வலம் வந்து வலது இடுப்பில் மாட்டும். வெளிப்பலகையின் கீழ் மூலையில் ஒரு பெரிய ஊசி குத்துவார்கள். பலர் செய்யும் தப்பு, இந்த ஊசியை இரண்டு பலகையையும் சேர்த்துக் குத்துவது. நடக்கும்போது துணி இழுபட்டுக் கிழியும். ஊசி வெளிப்பலகையில் மட்டும்தான், அங்கே அது வெறும் கனம். இன்னொரு தப்பு, ஜீன்ஸ் மாதிரி இடுப்பெலும்பில் இறக்கிக் கட்டுவது. கில்ட் தொப்புள் மட்டத்தில் நிற்க வேண்டும், விளிம்பு முழங்கால் நடுவில் வர வேண்டும். சோதிப்பது சுலபம்: மண்டியிட்டால் கரை தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும். அது தரையில் படிந்து மடங்கினால், கட்டியது கீழே இறங்கிவிட்டது.

கில்ட்டில் பை கிடையாது. அதனால்தான் முன்னால் சங்கிலியில் தொங்கும் ஸ்போரன். கேலிக்கில் அதற்குப் பணப்பை என்றே பொருள். நம் ஆட்கள் மடியில் முடிந்ததை அவர்கள் மடிக்கு முன்னால் தொங்கவிட்டார்கள்.

இதற்குத் தமிழில் என்ன சொல்வது? பத்திரிகைப் படக்குறிப்புகளில் 'ஆண்கள் அணியும் பாவாடை' என்று பார்க்கிறேன். பாவாடை சுற்றி மூடித் தைத்தது, மேலே நாடா கோத்தது. கில்ட் திறந்த துணி, சுற்றிக் கட்டுவது. 'ஸ்காட்லாந்து வேட்டி' என்பது ஃபேலா மோருக்குக் கச்சிதமாகப் பொருந்தும், தைத்த கில்ட்டுக்குப் பாதிதான் பொருந்தும். விளக்கமாகச் சொல்ல வேண்டிய இடத்தில் நான் 'பின்கொசுவக் கட்டு' என்று எழுதுவேன், மற்ற இடங்களில் கில்ட் என்றே விட்டுவிடுவேன். உறுப்புகளுக்குத்தான் தமிழ் நன்றாக உதவுகிறது: கொசுவம், முன்பலகை, உள்பலகை, கரை, கட்டம். பழைய ஆங்கில நூலில் ஒருத்தி பாவாடையைக் கில்ட் செய்துகொண்டு ஆற்றில் இறங்கினாள் என்று வந்தால் மட்டும், உடையைத் தேடாமல் 'தூக்கிச் செருகிக்கொண்டாள்' என்று மொழிபெயர்த்தால் சரி.