உங்கள் கடைப் பெயர் அடுத்தவர் காதில் என்ன ஆகிறது?

கரூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். துண்டு, திரைச்சீலை, மெத்தை விரிப்பு தைத்து ஏற்றுமதி செய்யும் சிறு நிறுவனம் தொடங்கப் போகிறாராம். வாங்குபவர்கள் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் இருக்கிறார்கள். ‘யாழிழை’ என்று பெயர் வைக்க ஆசை. “வெளிநாட்டுக்காரர்கள் வாயில் நுழையுமா?” என்று கேட்கிறார்.

பெயர் முதலில் நுழைவது காதில். சிக்கலும் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

பிறந்த குழந்தையின் காது எந்த மொழிக்கும் தயாராக இருக்கிறது. ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியில் உள்ள த, ட ஒலிகளைக் கேட்க வைத்தார்கள். ஆறேழு மாதக் குழந்தைகள் இரண்டையும் எளிதாகப் பிரித்தறிந்தன. ஒரு வயதை நெருங்கிய குழந்தைகளில் பெரும்பாலானவற்றால் அது முடியவில்லை. தாய்மொழிக்குத் தேவைப்படாத வேறுபாடுகளை மூளை அதற்குள் ஒதுக்கத் தொடங்கியிருந்தது. நாம் உயிரைக் கொடுத்துப் பிரிக்கும் ல, ள, ண, ன எல்லாம் பிற மொழிக்காரர்கள் பலருக்கு ஒன்றாகவே கேட்பது இதனால்தான்.

இதைவிட எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்று உண்டு. பாரிஸில் எமானுவல் டுப்பூவும் அவருடைய சகாக்களும் 1999-இல் வெளியிட்டது. ‘எபுஸோ’ என்று பொருளற்ற ஒரு சொல்லைப் பதிவுசெய்து, நடுவில் உள்ள உகரத்தைக் கணினியில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போனார்கள். கடைசியில் உகரமே இல்லாமல் ‘எப்ஸோ’ மட்டும் மிஞ்சியது. ஒவ்வொன்றையும் ஒலிக்கவிட்டு, நடுவில் உகரம் கேட்கிறதா என்று கேட்டார்கள். உயிரொலி மறைய மறைய, பிரெஞ்சுக்காரர்கள் இல்லை என்றார்கள். ஜப்பானியர்களோ, அது முழுக்க வெட்டப்பட்ட பிறகும் பெரும்பாலும் ‘இருக்கிறது’ என்றார்கள். ஜப்பானிய மொழியில் இப்படி இரண்டு மெய்கள் ஒட்டி வராது. அதனால் இடையில் ஓர் உயிரை அவர்களுடைய காதே செருகிவிடுகிறது. சும்மா உட்கார்ந்து கேட்கும்போதே இது நடக்கிறது என்பதால், நாக்கின் மேல் பழி போட முடியாது.

அதே ஆய்வின் இன்னொரு பாதியில் நிலைமை தலைகீழ். ‘எபுஸோ’, ‘எபூஸோ’ என்ற இரண்டையும் ஜப்பானியர்கள் சட்டென்று பிரித்துவிட்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் திணறினார்கள். நமக்குக் குறிலும் நெடிலும் பொருளையே மாற்றும்; பிரெஞ்சுக் காதுக்கு அந்த வேறுபாடு தேவையே இல்லை. நாமும் ‘ஸ்கூல்’ என்பதை ‘இஸ்கூல்’ என்கிறோம், ‘பஸ்’ பேச்சில் ‘பஸ்ஸு’ ஆகிறது. அதுவும் இதே வகை வேலைதான்.

ஆக, காதில் விழும் பெயரை மூளை தன் தாய்மொழிக்குத் தக்கபடி பழுதுபார்த்துத்தான் உள்ளே எடுத்துக்கொள்கிறது. நினைவில் நிற்பதும், அடுத்தவருக்குச் சொல்லப்படுவதும், தேடுபொறியில் தட்டப்படுவதும் அந்தப் பழுதுபார்த்த வடிவம்தான். அதனால் வேண்டாத பொருள் இருக்கிறதா என்று பார்ப்பவர்களும் அந்த வடிவத்தையே சோதிக்க வேண்டும். பலரும் தாங்கள் எழுதிய வடிவத்தை அகராதியில் பார்த்துவிட்டுத் திருப்தியடைந்து விடுகிறார்கள். பலாச்சுளை வறுவல் விற்பவர் ‘Pala’ என்று பெயர் வைத்து வளைகுடாவுக்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அரபியில் ப ஒலி கிடையாது. கேட்பவர் அதை ‘bala’ என்று எடுத்துக்கொள்வார். அரபியில் அதற்கு மிக நெருக்கமான ஒரு சொல்லுக்குத் துன்பம், சோதனை என்று பொருள்.

சரி, ‘யாழிழை’க்கு வருவோம். ஆங்கில எழுத்தில் ‘Yazhizhai’. ஜெர்மன்காரர் z-ஐ ‘ட்ஸ்’ என்று படிப்பார். ‘யாட்ஸிட்ஸை’ போல ஏதோ ஒன்று வரும். ஜப்பானியக் காதில் அது ‘யாஜிஜாய்’ ஆக வாய்ப்பு அதிகம். ஜப்பானியத்தில் ‘யாஜி’ என்றால் மேடையில் இருப்பவரைக் கேலியாகக் கூச்சலிட்டுத் தடுப்பது. அடுத்து வரும் ஒலிக்கு நெருக்கமான ‘ஜிஜி’ என்பதோ தாத்தாவுக்கான சொல். பெரிய அவமானம் ஒன்றுமில்லை, ஆனால் மெத்தை விரிப்புக்கு இவை உதவாது. தமிழில் எவ்வளவு அழகான பெயர் என்று எனக்கும் தெரியும். உள்ளூர் விற்பனைக்கு மட்டும் என்றால் யோசிக்காமல் வைக்கச் சொல்வேன்.

கடிதத்தில் இன்னும் இரண்டு பெயர்கள் இருந்தன. ‘நூலினி’யில் ஒலிகள் நன்றாகவே இருக்கின்றன. ம, ந போன்ற மூக்கொலிகள் ஏறக்குறைய எல்லா மொழியிலும் உண்டு. ஒரு மெய், ஓர் உயிர் என்று மாறி மாறி வரும் அசையை ஏற்காத மொழியும் இல்லை. தடுமாற்றம் எழுத்துக்கூட்டலில். ‘Noolini’ என்று எழுதினால் ஜெர்மன்காரர் oo-வை நெட்டோகாரமாக ‘நோலினி’ என்று படிப்பார். ‘Nulini’ என்றால் ஆங்கிலம் படித்த நம்மவர்களே ‘நலினி’ என்று படித்துவிடலாம், அது ஆயிரக்கணக்கான பெண்களின் பெயர்.

மூன்றாவது, துணியிலிருந்து பிறந்த ‘Tunika’. உச்சரிப்பில் பெரும்பாலான நாடுகளில் அடி வாங்காத பெயர். ஆனால் ஜெர்மனில் ‘Tunika’ என்பது ஒரு மேலுடுப்பின் பெயர். துண்டு விற்பவருக்கு இது குழப்பம். நாளை உடுப்பும் தைத்தால், பொருளின் பெயரையே வணிகக் குறியாக யாருக்கும் சொந்தமாக்கித் தரமாட்டார்கள். இந்தியாவின் 1999-ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டமும், பொருளை விவரிக்க மட்டும் பயன்படும் பெயரைப் பொதுவாக மறுக்கிறது.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். எண் கணிதம் பார்த்து ஓர் ‘a’, ஓர் ‘h’ கூடுதலாகச் சேர்க்கும் பழக்கம் எனக்கு வருத்தம் தருகிறது. காசு கொடுத்துச் செய்யும் இந்த வேலை, கேட்டவர் எழுதும்போது தவறும் வாய்ப்பை அதிகமாக்குகிறது. வாடிக்கையாளர் ஒலியைக் கேட்டுத் தேடுவார். கூட்டுத்தொகை அவருக்கு எப்படித் தெரியும்? இன்னொரு பக்கம், தமிழ்க் காது எந்த ஒலியை எப்படிப் பழுதுபார்க்கிறது என்று அளக்க ஓர் அமைதியான அறையும் நல்ல ஒலிவாங்கியும் சில மாணவர்களும் போதும். நம் பல்கலைக்கழகங்கள் இதற்குத் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும்.

வாசகி செய்யக்கூடிய சோதனை எளியது. பெயரைத் தொலைபேசியில், எழுத்துக்கூட்டிச் சொல்லாமல், ஒரே ஒரு முறை சொல்ல வேண்டும். கேட்டவர் அதைத் தன் எழுத்தில் எழுதட்டும். அப்புறம் இன்னொருவருக்குத் தொலைபேசியில் சொல்லட்டும், அவரும் எழுதட்டும். ஜெர்மன் பேசுபவர் சிலர், ஜப்பானியம் பேசுபவர் சிலர் என்று இப்படிச் சில சங்கிலிகள் போதும். எல்லோரும் ஒரே மாதிரி எழுதினால் நல்லது. எழுத்து மாறினாலும் மாற்றம் ஒரே திசையில் இருந்தால் சமாளிக்கலாம், அந்த வடிவத்தின் இணைய முகவரியையும் வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஆளுக்கொரு விதமாகச் சிதறினால் பெயரைக் கைவிடுவதே நல்லது. ஒரு வாரம் கழித்து, முன்னறிவிப்பு இல்லாமல், அதே ஆட்களிடம் பெயர் நினைவிருக்கிறதா என்றும் கேட்க வேண்டும்.

அவர்கள் எழுதிய எல்லா வடிவங்களையும் அந்தந்த மொழி பேசும் ஒருவரிடம் காட்டி, “இது எதை நினைவூட்டுகிறது?” என்று கேட்கலாம். “இதற்குப் பொருள் என்ன?” என்று கேட்டால் ‘ஒன்றுமில்லை’ என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். கொச்சைச் சொல்லைச் சொல்லக் கூச்சப்படுவார்கள் என்பதால் இளவயதுக்காரர் ஒருவரையும் சேர்த்துக்கொள்வது நல்லது. கடைசியாக, இந்திய வணிகக் குறிப் பதிவகத்தின் இணையத் தேடலில் ‘Phonetic’ என்ற தேர்வு உண்டு. ஒத்த ஒலியுள்ள பதிவுகளை அது காட்டும். துணி, வீட்டு விரிப்புகள் 24-ஆம் வகுப்பில் வரும், உடுப்புகள் 25-இல். ஐரோப்பாவுக்கு TMview தளத்தில் கட்டணமின்றித் தேடலாம். பணம் கட்டி அச்சடிக்கும் முன், சங்கிலியில் வந்த ஒவ்வொரு வடிவத்தையும் இந்த இரண்டிலும் போட்டுப் பார்த்துவிடுங்கள்.