கேட்டசின்: காசுக்கட்டி தந்த சொல்

பச்சைத் தேயிலையின் நலன்களைப் பேசும்போது தவறாமல் வரும் கேட்டசின் என்னும் பெயர், வெற்றிலைப் பெட்டிக்குள் இருந்த ஒரு பொருளிலிருந்து பிறந்தது. காசுக்கட்டி மரத்தின் வைரத்தை நீரில் கொதிக்கவைத்து, அந்தச் சாற்றை இறுக்கினால் கிடைக்கும் துவர்ப்பான கட்டியை ஐரோப்பியர் கேட்டச்சு என்றனர். அதிலிருந்து பிரித்தெடுத்த சேர்மமே கேட்டசின். கேட்டச்சு என்னும் பெயர் பிறந்த மலாய் மொழியின் காச்சு என்னும் சொல்லுக்கும் திராவிட மூலமே இருக்கலாம் என்பது சொல்லாய்வாளர் பலரின் கருத்து. ஆகவே இதனைக் காசுக்கட்டியம் எனலாம். ஒலிபெயர்ப்பு ஏற்கெனவே வேரூன்றிவிட்டதால் இங்கே கேட்டசின் என்றே வழங்குகிறேன்.

தேயிலையில் மிகுதியாக உள்ள வகை எபிகலோகேட்டசின் காலேட், சுருக்கமாக ஈஜிசிஜி. இப்பெயரில் இருமுறை ஒலிக்கும் ‘கால்’, மாசிக்காயைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. மாசிக்காய் அமிலம் கேட்டசினோடு பிணைந்திருப்பதால் மூலக்கூறு பெரிதாகி, எட்டு பீனால் ஹைட்ராக்சில் தொகுதிகளைச் சுமக்கிறது. இவை நீரோடு இறுகப் பிணைவதால், கொழுப்பாலான செல்சவ்வை அது எளிதில் கடப்பதில்லை.

இவ்விடத்தில் உறிஞ்சல், உயிர்க்கிடைப்பு என்னும் இரண்டையும் பிரித்தறிய வேண்டும். குடற்சுவரைக் கடப்பது உறிஞ்சல். மாறாத வடிவில் குருதியை அடையும் பங்கே உயிர்க்கிடைப்பு. ஈஜிசிஜி இரண்டிலும் பின்தங்குகிறது. சிறுகுடலின் ஏறத்தாழ நடுநிலையான சூழலில் அது ஆக்சிஜனேற்றமடைந்து சிதைகிறது. குடற்செல்லுக்குள் நுழைந்ததிலும் ஒரு பகுதியை எம்ஆர்பி2 என்னும் கடத்திப் புரதம் மீண்டும் குடலுக்கே தள்ளுகிறது. எஞ்சியதன்மேல் குடலும் கல்லீரலும் மெத்தில், குளுக்குரோனைடு, சல்பேட்டுத் தொகுதிகளை ஏற்றிவிடுகின்றன. பெருங்குடலைச் சேர்வதை அங்குள்ள நுண்ணுயிரிகள் வேறு சேர்மங்களாக உடைக்கின்றன.

செல்களில் அது என்ன செய்கிறது என்பதைச் சொல்லும் ஆய்வுகளைப் படிக்குமுன் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஈஜிசிஜியின் மூலக்கூறு எடை 458. ஒரு கோப்பையில் 100 மில்லிகிராம் இருப்பதாகவும், அது முழுவதும் 5 லிட்டர் குருதியில் சிதையாமல் கரைவதாகவும் கொண்டால்கூட, செறிவு ஏறத்தாழ 44 மைக்ரோமோலார்தான். ஓரிரு கோப்பை குடித்தவர்களின் குருதியில் உண்மையில் அளக்கப்படுவதோ பெரும்பாலும் 1 மைக்ரோமோலாருக்கும் குறைவு. ஆய்வகக் கிண்ணத்தில் வளர்த்த புற்றுச்செல்களைக் கொன்றதாகச் சொல்லும் ஆய்வுகள் பலவற்றில் 50, 100 மைக்ரோமோலார் ஊற்றப்படுகின்றன.

அங்கே மற்றொரு மயக்கமும் உண்டு. வளர்ப்பு ஊடகத்தில் ஈஜிசிஜி தானே ஆக்சிஜனேற்றமடைந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகிறது. அதைச் சிதைக்கும் கேட்டலேசு நொதியைச் சேர்த்ததும் செல்லிறப்பு நின்றுவிட்டால், கொன்றது அந்தப் பெராக்சைடே என்று அறியலாம். ஆக்சிஜனேற்ற எதிர்ப்பி என்று பெயர்பெற்ற பொருள், கிண்ணத்துக்குள் அதற்கு நேர்மாறாக நடந்துகொள்கிறது.

குறைந்த செறிவிலும் நடக்கக்கூடியதாகக் காட்டப்பட்ட ஒன்று, செல்லின் வெளிப்பரப்பிலுள்ள 67 கிலோடால்டன் லேமினின் ஏற்பி என்னும் புரதத்தோடு அது பிணைவதாகும். இதற்குச் செல்லுக்குள் நுழையவே தேவையில்லை. வெறும் வயிற்றில் மாத்திரையாக விழுங்கினால் குருதிச் செறிவு உயரும் என்பது உண்மைதான். ஆனால் நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் துணைமருந்தாக உட்கொண்டோரின் குருதியில் கல்லீரல் பாதிப்பின் அறிகுறியான நொதிகள் உயர்ந்ததை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் சுட்டிக்காட்டியது.