லெவல் கிராசிங், கேட், கடவை: படத்தில் இருக்கும் நாட்டைக் காட்டிக்கொடுக்கும் சொற்கள்

புதுச்சேரியில் கடலூர் சாலையில் போகிறவர்களுக்கு ஏ.எஃப்.டி. மில் பக்கத்து ரயில்வே கேட்டைத் தெரியாமல் இருக்காது. "கேட் போட்டாச்சு" என்று முன்னால் நிற்பவர் சொன்னதும் வண்டியை அணைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். அப்படி நின்றிருந்த ஒரு சாயங்காலம், பின்னால் உட்கார்ந்திருந்த என் அண்ணன் மகன் செல்போனை நீட்டினான்.

"சித்தப்பா, இது எந்த ஊருன்னு சொல்லுங்க. அடியில தமிழ்ல ஒரு வரி எழுதணும். ரயில்வே கேட்டுன்னு எழுதவா, லெவல் கிராசிங்னு எழுதவா?"

படத்தில் பச்சை வயல், நடுவில் ஒற்றைத் தண்டவாளம், குறுக்கே மஞ்சள் கறுப்புப் பட்டை போட்ட தடுப்புக் கம்பம், இந்தப் பக்கம் சாலையின் இடது ஓரத்தில் ஒரு குட்டி லாரி. முதல் பார்வையில் பண்ருட்டி பக்கம் என்றுதான் தோன்றியது. ஆனால் அது நம் ஊர் இல்லை. அவன் கேட்ட இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. இந்த இடத்துக்கு ஒரு நாட்டார் வைத்திருக்கும் பெயரையும், அங்கே அவர்கள் நட்டு வைத்திருக்கும் பொருள்களையும் சேர்த்துப் பார்த்தால் நாடு தெரிந்துவிடும்.

முதலில் லெவல் என்ற சொல். சாலையும் தண்டவாளமும் ஒரே மட்டத்தில் வெட்டிக்கொள்ளும் இடம் என்பதுதான் லெவல் கிராசிங். மேம்பாலமும் இல்லை, சுரங்கப்பாதையும் இல்லை என்பதைச் சொல்லவே அந்த லெவல் ஒட்டிக்கொண்டது. சொல்லின் வேர் இலத்தீனின் லிபெல்லா, அதாவது சின்னத் தராசு. அதிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது கொத்தனார் மட்டம் பார்க்கும் கருவியைக் குறித்தது. நம் மொழியிலும் மட்டம் என்பது கருவிக்கும் சமதளத்துக்கும் ஒன்றாகவே நிற்கிறது. ரசமட்டம் வைத்துத் தரை மட்டமா என்று பார்க்கிறோம் இல்லையா, அதேதான். புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் சொல்லும் 'பாசாழ் ஆ நிவோ'விலும் அதே மட்டம்தான். நிவோவும் அந்த லிபெல்லாவிலிருந்து வந்ததே, லகரம் நகரமாகிவிட்டது. அமெரிக்கர்கள் கிரேட் கிராசிங் என்பார்கள். அங்கே கிரேட் என்பது தரைமட்டம்.

இவை எல்லாம் பொறியாளரின் பார்வையில் வைத்த பெயர்கள். சாலையில் நிற்பவனுக்கு மட்டமா மேடா என்பதில் அக்கறை இல்லை. அவன் கண்ணில் படுவது தடுப்பு. அதனால்தான் நம் ஊரில் லெவல் கிராசிங் செய்தித்தாளில் தங்கிவிட்டது, பேச்சில் கேட் நிலைத்தது. இந்திக்காரரும் ஃபாட்டக் என்றுதான் சொல்கிறார், அதுவும் கதவுதான். இங்கிலாந்தில் ரயில் பாதை போட்ட காலத்தில் சாலைக்குக் குறுக்கே உண்மையாகவே மரக்கதவு இருந்தது, அதைத் திறந்து மூட ஒரு ஆளும் இருந்தார். அந்த ஏற்பாடு அப்படியே இங்கே வந்தது, பெயரும் கூடவே வந்தது. கதவு போய்த் தூக்குக் கம்பம் வந்த பிறகும் நாம் கேட்டை விடவில்லை.

நம் சாலைப் பலகையும் விடவில்லை. சிவப்பு ஓரம் போட்ட முக்கோணத்துக்குள் ஒரு மரக்கதவு வரைந்திருந்தால் காவல் உள்ள கேட் வருகிறது என்று பொருள். நீராவி எஞ்சின் வரைந்திருந்தால் காவல் இல்லாத இடம். கேட்டுக்கு 200 மீட்டர் தொலைவில் நிற்கும் பலகையில் இரண்டு சாய்கோடு இருக்கும், கிட்டே வந்ததும் ஒரே கோடு. அகலப்பாதையில் ஆளில்லாக் கடவுகள் 2019 ஜனவரியோடு ஒழிக்கப்பட்டுவிட்டதால் அந்த எஞ்சின் பலகை இப்போது அரிது. ஒரு இந்தியப் படத்தில் அது தெரிந்தால் படம் பழையதாக இருக்கலாம் என்றும் யோசிக்க வேண்டும்.

சரி, படத்துக்கு வருவோம். கம்பத்தின் மஞ்சள் கறுப்பு நிறத்தை வைத்து முடிவு செய்தால் ஏமாந்து போவோம். நம் நாட்டிலும் அந்த நிறம் உண்டு, ஜப்பானிலும் உண்டு. இரண்டு நாட்டிலும் வண்டி இடது பக்கம்தான் ஓடும். எது இருக்கிறது என்று பார்ப்பதைவிட எது இல்லை என்று பார்ப்பது இங்கே நல்லது.

நம் கேட் என்றால் பக்கத்தில் கேட் கீப்பருக்கு ஒரு சின்ன அறை இருக்கும். உள்ளே தொலைபேசி, கையில் பச்சை சிவப்புக் கொடி, கம்பத்தை ஏற்றி இறக்கச் சுற்றும் கைப்பிடி. கம்பம் இரும்பில் கனமாக இருக்கும். பல இடத்தில் அதிலிருந்து சின்னச் சின்னக் கம்பிகள் தொங்கும், குனிந்து நுழையும் சைக்கிள்காரரைத் தடுக்க. மின்கம்பி போட்ட பாதை என்றால் கேட்டுக்கு இரு புறமும் சாலைக்கு மேலே ஒரு இரும்புச் சட்டம் நிற்கும். வைக்கோல் பாரம் ஏற்றிய லாரி அதில் இடிக்கட்டும், மின்கம்பியில் இடிக்க வேண்டாம் என்பதற்கான உயரத் தடை அது. உயரம் ஐந்து மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அவன் காட்டிய படத்தில் அறை இல்லை, ஆள் இல்லை, தொங்கும் கம்பிகள் இல்லை, இரும்புச் சட்டமும் இல்லை.

அதற்குப் பதிலாக ஒரு தூண் இருந்தது. உச்சியில் மஞ்சள் கறுப்புப் பட்டை அடித்த பெருக்கல் குறி, அதன் கீழே மாறி மாறி மின்னும் இரண்டு சிவப்பு விளக்கு. பெருக்கல் குறிப் பலகை பல நாட்டில் உண்டு, நிறம்தான் வேறுபடும். அமெரிக்காவில் வெள்ளைப் பலகையில் எழுத்து இருக்கும். கனடாவில் எழுத்து இல்லாமல் வெள்ளையும் சிவப்பு ஓரமும். சுவீடனிலும் பின்லாந்திலும் மஞ்சளும் சிவப்பு ஓரமும். மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை என்றால் ஜப்பான் பக்கம் கண் போக வேண்டும். தைவானும் தென்கொரியாவும் நினைவுக்கு வரலாம், ஆனால் அங்கே வண்டி வலது பக்கம் ஓடும். இடது ஓரத்தில் நின்ற குட்டி லாரி அந்த இரண்டையும் கழித்துவிட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட தண்டவாளம் இருந்திருந்தால் ரயில் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காட்டும் சிவப்பு அம்பு விளக்கும் அந்தத் தூணில் இருந்திருக்கும். தண்டவாள அகலமும் ஒத்துப்போனது. நம் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர், ஜப்பானின் பழைய பாதைகள் பெரும்பாலும் 1,067. பக்கத்தில் நிற்கும் லாரியோடு ஒப்பிட்டால் படத்திலேயே குறுகல் தெரிகிறது.

ஜப்பானியர் இந்த இடத்தை ஃபுமிகிரி என்கிறார்கள். ஃபுமி என்றால் மிதித்தல், கிரி என்றால் வெட்டு. கால் வைத்துக் குறுக்கே போகிற வெட்டு என்று சொல்லலாம். அந்தப் பெயரில் கதவும் இல்லை, காவலாளும் இல்லை. அங்கே தடுப்புக் கம்பமும் இலேசானதுதான், கடவுக்குள் மாட்டிக்கொண்ட கார் முட்டித் தள்ளினால் வளைந்து வழிவிடும். தடுப்பு இல்லாவிட்டாலும் ஓட்டுநர் நின்று பார்த்துத்தான் கடக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். கம்பம் ஆளைப் பிடித்து நிறுத்தும் என்று நம்புவது நம் ஏற்பாடு, விளக்கும் மணியும் சொன்னால் ஆள் நிற்பான் என்று நம்புவது அவர்கள் ஏற்பாடு.

படத்தைச் சாலைப் பக்கமிருந்து எடுக்காமல் ரயிலிலிருந்து எடுத்திருந்தால் நம் நாட்டை இன்னும் எளிதாகக் கண்டுபிடிக்கலாம். கேட்டுக்குச் சுமார் 600 மீட்டர் முன்னால் மஞ்சள் பலகையில் டபிள்யூ/எல் என்று கறுப்பு எழுத்து இருக்கும், கேட் வருகிறது, ஊது என்று எஞ்சின் ஓட்டுநருக்குச் சொல்ல. கூடவே இந்தியில் சீ/ஃபா, அதாவது சீட்டியும் ஃபாட்டக்கும். சிக்னல் உள்ள கேட்டானால் சிக்னல் கம்பத்தில் மஞ்சள் வட்டத்துக்குள் ஜி என்ற எழுத்து தெரியும். அது சிவப்பு காட்டினால் ஓட்டுநர் ஊதிவிட்டுப் பகலில் ஒரு நிமிடம், இரவில் இரண்டு நிமிடம் காத்திருப்பார். பிறகு கேட் வரை மெல்ல எச்சரிக்கையாகப் போகலாம். நிலையத்துக்குள் விடும், நிலையத்திலிருந்து அனுப்பும் சிவப்பு சிக்னல்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. இந்த ஜி, கேட்டின் முதல் எழுத்து.

அந்த ஜி இல்லாத கேட்டும் உண்டு, அங்கேதான் படம் பார்த்துச் சொல்லும் வித்தை தோற்றுப்போகிறது. கம்பத்துக்கும் சிக்னலுக்கும் பூட்டு இணைப்பு இருந்தால், கேட் மூடிய பிறகுதான் ரயிலுக்குப் பச்சை விழும். இதைத்தான் இன்டர்லாக் என்கிறோம். அந்த இணைப்பு இல்லாத கேட்டில், நிலைய அதிகாரியும் கேட் கீப்பரும் தொலைபேசியில் ஒரு எண்ணைப் பரிமாறிக்கொண்டு, மூடியாயிற்று என்று உறுதி செய்ய வேண்டும். எல்லாம் அந்தப் பேச்சை நம்பித்தான். 2025 ஜூலை 8 அன்று கடலூரை அடுத்த செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது விழுப்புரம்–மயிலாடுதுறை பாசஞ்சர் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்களே, அது இன்டர்லாக் இல்லாத கேட். சாலையில் நின்று பார்த்தால் இரண்டு வகைக் கேட்டும் ஒன்றாகவே தெரியும்.

இனி தமிழ்ச் சொல். நம் செய்தித்தாள்கள் ரயில்வே கடவுப்பாதை என்று எழுதுவதுண்டு. கடப்பதற்கான வழி கடவு. கடவுச்சீட்டில் தினமும் புழங்கும் சொல்தான். இலங்கைத் தமிழர் கடவை என்பார்கள். பாதசாரிக் கடவை, புகையிரதக் கடவை, ரயில் கடவை எல்லாம் அங்கே அன்றாடப் பேச்சு. வேலியில் ஆள் நுழைய விட்டிருக்கும் இடைவெளிக்கும் கடவை என்ற பெயர் உண்டு என்பதால் இந்த இடத்துக்கு அது எனக்குக் கூடுதலாகப் பிடிக்கிறது. ஒரு படத்தின் அடிக்குறிப்பில் கடவை என்று இருந்தால் எழுதியவர் யாழ்ப்பாணத்துப் பக்கமோ என்று நான் முதலில் நினைப்பேன், சொல்லே நாட்டைச் சொல்கிறது. சமதளக் கடவு என்று லெவலையும் சேர்த்து மொழிபெயர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பாலம் என்றால் பாலம் என்றே சொல்லிவிடுவோம், பாலம் இல்லாத கடவு தானாகவே மட்டமாகத்தான் இருக்கும்.

என் வழக்கம் இது. இடத்துக்குக் கடவை, குறுக்கே விழும் கம்பத்துக்குக் கேட். ஆளில்லாக் கேட் என்று நாம் வருடக்கணக்கில் எழுதினோம், அங்கே ஆளும் இருந்ததில்லை, கேட்டும் இருந்ததில்லை. ஆளில்லாக் கடவை என்றிருந்தால் அந்த வேடிக்கை நேர்ந்திருக்காது. அதற்காக ஏ.எஃப்.டி. கேட்டை ஏ.எஃப்.டி. கடவை என்று யாரும் மாற்ற வேண்டாம், ஆட்டோக்காரருக்கு வழி தெரியாமல் போய்விடும்.

விழுப்புரம் வண்டி போய், கம்பம் மேலே ஏறியது. அண்ணன் மகன் படத்தின் அடியில் "ஜப்பானில் ஒரு ரயில் கடவை" என்று அடித்துவிட்டு, "கேட் திறந்தாச்சு சித்தப்பா, எடுங்க வண்டிய" என்றான்.