சொல் விளக்கம்: அமார்டைஸ்டு காஸ்ட்

சாவைக் குறிக்கும் லத்தீன் சொல் மோர்ஸ். அதிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது அமார்டைஸ். கடனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்த்து இல்லாமல் செய்வது என்று பொருள். இதைத் தமிழில் ‘தேய்மான விலை’ என்று எழுதுவது சரியல்ல. இயந்திரம் தேயும், கடன் பத்திரத்தின் கணக்கு விலை ஏறவும் செய்யும்.

ஒரு வங்கி 100 ரூபாய் முகமதிப்புள்ள மூன்றாண்டுப் பத்திரத்தை வாங்குகிறது. ஆண்டு வட்டி 6 ரூபாய். சந்தையில் அப்போது 8 சதவீத வருமானம் கிடைப்பதால் விலை 94.85 ரூபாய்தான். முதலாண்டில் அந்த விலைக்கு 8 சதவீதம், அதாவது 7.59 ரூபாய், வட்டி வருமானமாகக் கணக்கில் ஏறும். கைக்கு வந்தது 6 ரூபாய். மீதி 1.59 பத்திரத்தின் விலையோடு சேர, அது 96.44 ஆகிறது. இப்படியே போய் முதிர்வன்று 100-ஐத் தொடும். ஆகவே ‘சரிக்கட்டிய அடக்கவிலை’ என்பதே பொருந்தும்.

முதலாண்டு முடிவில் சந்தை வருமானம் 10 சதவீதமாகிவிட்டால்? அதே பத்திரம் 93.06-க்குத்தான் விலைபோகும். இதுதான் ஃபேர் வேல்யூ, நியாய மதிப்பு: அன்றைய தேதியில், அவசரமில்லாமல் விற்றால் கிடைக்கும் விலை. இலங்கைத் தமிழில் மதிப்புக்குப் பெறுமதி என்பார்கள். இரண்டு கணக்குக்கும் இடையே 3.38 ரூபாய்.

எந்தக் கணக்கு என்பதை முடிவுசெய்ய இரண்டு கேள்விகள். பத்திரம் தருவது அசலும் அதன் வட்டியும் மட்டும்தானா? பங்காக மாற்றிக்கொள்ளும் பத்திரம் இங்கேயே தோற்றுவிடும். அடுத்து, வங்கியின் நோக்கம் என்ன? முதிர்வுவரை வைத்திருப்பதென்றால் அடக்கவிலை. தேவைப்பட்டால் விற்கவும் செய்வோம் என்றால் நியாய மதிப்பு, ஆனால் ஏற்ற இறக்கம் லாப நட்டக் கணக்கைத் தொடாமல் தனி இருப்புக்குப் போகும். வாங்கி விற்கத்தான் என்றால் அந்த 3.38 நேரே நட்டம். இந்தியாவில் 2024 ஏப்ரல் 1 முதல் ரிசர்வ் வங்கி விதிகளும் இப்படித்தான். பிறகு வகை மாற்ற இயக்குநர் குழுவின் ஒப்புதலோடு ரிசர்வ் வங்கியின் முன் அனுமதியும் வேண்டும். நட்டம் தெரிந்ததும் ‘முதிர்வுவரை’ வகைக்குத் தாவிவிட முடியாது.

அடக்கவிலைக் கணக்கு பொய்யல்ல. ஆனால் முதிர்வுவரை தாக்குப்பிடிக்கிற வங்கிக்குத்தான் அது மெய். அமெரிக்காவின் சிலிக்கான் வேலி பேங்க், 2022 இறுதியில் சுமார் 9,130 கோடி டாலர் பத்திரங்களை அடக்கவிலையில் காட்டியது. சந்தை மதிப்பு 7,620 கோடிதான். வங்கியின் சொந்த மூலதனமோ 1,600 கோடி அளவில். வித்தியாசம் கிட்டத்தட்ட அது முழுவதையும் விழுங்கும். 2023 மார்ச்சில் மற்ற வகைப் பத்திரங்களை நட்டத்தில் விற்றதும் டெபாசிட்தாரர்கள் பணத்தை எடுக்கக் குவிந்தனர். 10-ஆம் தேதி வங்கி மூடப்பட்டது. சந்தை மதிப்பு ஒன்றும் மறைவாக இல்லை, ஆண்டறிக்கையிலேயே இருந்தது. எந்த வங்கியிலும் அந்த இரண்டு எண்களின் வித்தியாசத்தை மூலதனத்தோடு வைத்துப் பார்க்கலாம்.