தனிச்சுழி வெப்பநிலை

எதையும் அதற்குக் கீழே குளிர்விக்க முடியாத வெப்பநிலை ‘அப்சல்யூட் ஜீரோ’. அதற்குத் தமிழ்ப் பாடநூல்களில் வழங்கும் சொல் தனிச்சுழி வெப்பநிலை. சுழி என்றால் பூச்சியம். ‘அப்சல்யூட்’ லத்தீனிலிருந்து வந்தது. கட்டவிழ்ந்தது, பிறிதொன்றைச் சாராதது என்று பொருள். ‘தனி’ அதைச் சரியாகப் பிடித்துவிடுகிறது. ‘முழுமையான பூச்சியம்’ என்று பெயர்த்தால் அந்தப் பொருள் நழுவிவிடும்.

மற்றச் சுழிகள் எதையாவது சார்ந்தவை. செல்சியஸ் அளவையின் சுழி, தண்ணீர் உறையும் நிலை. பாரன்ஹீட்டில் அதே நிலை 32, கொதிநிலை 212. ஆக, செல்சியசின் 100 டிகிரி இடைவெளி பாரன்ஹீட்டில் 180 டிகிரி. அதனால்தான் 1.8 ஆல் பெருக்கி 32 கூட்டுகிறோம். பலர் தவறுவது இங்கேதான்: வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தது என்றால் பாரன்ஹீட்டில் அந்த உயர்வு 18 டிகிரி, 50 அல்ல. வித்தியாசத்தை மாற்றும்போது 32-க்கு வேலையே இல்லை.

தனிச்சுழி எங்கே இருக்கிறது என்பதை வாயுக்களே காட்டிக்கொடுத்தன. 0 டிகிரி செல்சியசில் 1000 மில்லிலிட்டர் இருக்கும் காற்றை, அழுத்தம் மாறாமல் 100 டிகிரிக்குச் சூடாக்கினால் ஏறத்தாழ 1366 மில்லிலிட்டர் ஆகும். டிகிரிக்கு 3.66 கூடுகிறது. அதே கணக்கில் குளிர்வித்துக்கொண்டே போனால் 1000-மும் தீர்வதற்கு 1000 ÷ 3.66, அதாவது சுமார் 273 டிகிரி இறங்க வேண்டும். துல்லியமான மதிப்பு −273.15 டிகிரி செல்சியஸ், பாரன்ஹீட்டில் −459.67.

உண்மையில் எந்த வாயுவும் அங்கே போய் மறைந்துவிடுவதில்லை. ஹீலியம்கூட இயல்பான அழுத்தத்தில் தனிச்சுழிக்கு 4.2 டிகிரி மேலேயே திரவமாகிவிடும். ஆகவே இந்தக் கணக்கு இடத்தைக் காட்டுமே தவிர, காரணத்தைச் சொல்லாது.

காரணம் வெப்பத்தின் இயல்பில் இருக்கிறது. துகள்களின் ஒழுங்கற்ற அசைவில் உள்ள ஆற்றலையே வெப்பநிலையாக அளக்கிறோம். குளிர்விப்பது என்றால் அந்த ஆற்றலை வெளியே எடுப்பது. எடுக்கக்கூடியது அத்தனையும் எடுத்தபின் மேலும் எடுக்க ஒன்றுமில்லை. அந்த அடிமட்டமே தனிச்சுழி. அங்கே அசைவு அறவே நின்றுவிடும் என்று எழுதுவது பிழை. குவாண்டம் விதிப்படி ஒரு சிறு மிச்ச ஆற்றல் எப்போதும் இருக்கும், ஆனால் அதை எடுக்க முடியாது. இயல்பான அழுத்தத்தில் ஹீலியம் எவ்வளவு குளிர்ந்தாலும் உறையாமலிருப்பது இந்த மிச்சத்தால்தான்.

இந்த அடிமட்டத்திலிருந்து எண்ணத் தொடங்குவது கெல்வின் அளவை. 1848-ல் இதை முன்வைத்த வில்லியம் தாம்சன் பின்னாளில் கெல்வின் பிரபு ஆனார். அந்தப் பெயர் கிளாஸ்கோவில் ஓடும் ஆற்றின் பெயர். செல்சியசோடு 273.15 கூட்டினால் கெல்வின். இரண்டிலும் ஒரு படியின் அளவு ஒன்றே. ‘டிகிரி கெல்வின்’ என்று எழுதும் வழக்கம் 1967-லேயே கைவிடப்பட்டது. விகிதம் பேசவும் இந்த அளவைதான் உதவும். 20 டிகிரி செல்சியஸ், 10-ஐப்போல் இருமடங்கு சூடு அல்ல, 283.15 கெல்வின் 293.15 ஆகிறது, கூடியது மூன்றரை சதவீதம்தான்.

அடிமட்டத்தை நெருங்கலாம், தொட முடியாது. குளிர்விக்கும் ஒவ்வொரு சுற்றிலும் இறங்கும் தூரம் குறைந்துகொண்டே போகும். சுழியைத் தொட எண்ணற்ற சுற்றுகள் வேண்டும்.