நள்ளிரவில் நெஞ்சு படபடத்து விழித்தால்: அந்தப் பத்து நிமிடங்கள்

படுத்து ஒன்றரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. கெட்ட கனவு எதுவும் இல்லை, வெளியே சத்தமும் இல்லை. திடீரென்று தூக்கிவாரிப் போட்டு விழிப்பு வருகிறது. நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, மூச்சு முட்டுகிறது, முதுகெல்லாம் வியர்வை. செத்துவிடுவோமோ என்ற பயம் தொண்டையை அடைக்கிறது.

மனநல மருத்துவராக இதை நான் அடிக்கடி கேட்கிறேன். வருகிறவர்களில் பலர் இதய மருத்துவரைப் பார்த்துவிட்டு, ஈசிஜியும் எக்கோவும் நார்மல் என்ற ரிப்போர்ட்டோடுதான் வருகிறார்கள். இது தூக்கத்தில் வரும் பேனிக் அட்டாக். பெரும்பாலும் தூங்கிய முதல் மூன்று மணி நேரத்துக்குள், லேசான தூக்கம் ஆழ்ந்த தூக்கமாக மாறும் கட்டத்தில் வருகிறது. கனவு அதிகம் வருவது விடியலை ஒட்டிய நேரத்தில். ஆகவே கெட்ட கனவு கண்டு விழித்தவருக்குப் பயத்துக்கு ஒரு கதை இருக்கும், இவருக்கு இருக்காது. காரணம் தெரியாததால் மனம் நேராக இதயத்தைத்தான் சந்தேகிக்கிறது.

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கும் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். முப்பத்து நான்கு வயது, சர்க்கரை, பிபி எதுவும் இல்லை. அவருடைய அப்பா தூக்கத்திலேயே மாரடைப்பில் போனவர். இவருக்கு இரவு பன்னிரண்டரை வாக்கில் விழிப்பு வரும். எழுந்தவுடன் கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டுவார். நாடித் துடிப்பு 118. ‘இவ்வளவா!’ என்று பதறுவார், அது 126 ஆகும். பெரிய பெரிய மூச்சாக இழுப்பார். விரல் நுனிகளும் உதட்டைச் சுற்றியும் மரத்துப் போகும், தலை கிறுகிறுக்கும். உடனே அண்ணனுக்கு போன் போட்டு, "அண்ணே, வண்டிய எடுத்துட்டு வாங்க, எனக்கு என்னமோ பண்ணுது" என்பார். ஆஸ்பத்திரி வாசலை அடைவதற்குள் பாதி அடங்கியிருக்கும்.

அந்த மீட்டரில் அவர் பார்க்காமல் விட்ட எண் ஒன்று உண்டு. மூச்சு முட்டுகிறது என்று தவித்த நேரத்தில் ஆக்சிஜன் அளவு 99 என்று இருந்தது. காற்று போதாமல் அவருக்கு முட்டவில்லை. தேவைக்கு மேல் வேகமாக மூச்சு விடும்போது உடம்பிலிருந்து கரியமில வாயு அளவுக்கு அதிகமாக வெளியேறுகிறது. அது குறைந்தால் மூளைக்குச் செல்லும் ரத்தக் குழாய்கள் சற்றே சுருங்கும். தலைசுற்றலுக்கு அதுதான் காரணம். நரம்புகளும் கூச்சம் காட்டும், அதனால் விரல்கள் மரத்துப் போகும், நெஞ்சும் இறுகும். இதைப் பார்த்து இன்னும் பெரிதாக மூச்சிழுத்தால் எல்லாமே கூடும். ‘நல்லா மூச்ச இழுத்து விடு’ என்று வீட்டார் சொல்லும் யோசனை இந்த இடத்தில் எதிராகத்தான் வேலை செய்கிறது.

பேனிக் அட்டாக் பொதுவாகப் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகவே இறங்கிவிடும். இருபது, முப்பது நிமிடங்களில் பெரும்பகுதி அடங்கிவிடும். அவசர அவசரமாக அதை நிறுத்தப் பார்ப்பதுதான் அதை நீட்டிக்கிறது. எனவே அவருக்கு நான் சொன்னது இவ்வளவுதான். விழித்ததும் எழுந்து உட்காருங்கள், காலைத் தரையில் ஊன்றுங்கள், மங்கலான விளக்கைப் போடுங்கள். மீட்டரைத் தொடாதீர்கள், கழுத்தில் விரல் வைத்து நாடியும் பார்க்காதீர்கள். முதலில் உள்ளே இருக்கும் காற்றை மெதுவாக வெளியே விடுங்கள். அப்புறம் வாயை மூடி, மூக்கு வழியாக, வயிறு லேசாக உப்பும் அளவுக்கு மட்டும், மனதுக்குள் நான்கு எண்ணும்வரை இழுங்கள். ஆறு எண்ணும்வரை விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். இழுப்பது சிறிதாக, விடுவது நீளமாக இருக்க வேண்டும். முதல் இரண்டு நிமிடம் காற்று போதவில்லை என்றே தோன்றும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். பேப்பர் பையை முகத்தில் வைத்து மூச்சுவிடும் பழைய முறை மட்டும் வேண்டாம். பிரச்சினை ஆஸ்துமாவாகவோ இதயத்திலோ இருந்துவிட்டால் அது ஆபத்து.

கூடவே ஒரு வாக்கியம்: ‘இது அந்தப் படபடப்புதான், ஏறும், இறங்கும்.’ ‘ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல’ என்று மனதோடு சண்டை போடுவதைவிட இது உதவுகிறது. பக்கத்தில் இருப்பவர் செய்ய வேண்டியதும் குறைவுதான்: அருகில் உட்கார்ந்து, தன் மூச்சையும் அதே வேகத்தில் விட்டு, குரலைத் தாழ்த்திப் பேசினால் போதும்.

ஆனால் இதையெல்லாம் இது பேனிக் என்று ஒரு மருத்துவர் சோதித்துச் சொன்ன பிறகே செய்ய வேண்டும். முதல் முறை வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி எடுப்பதுதான் சரி, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நெஞ்சில் பாரம் வைத்தது போன்ற அழுத்தம், கை, தாடை, முதுகுக்குப் பரவும் வலி, மயக்கம், குறையாத வியர்வை இருந்தால் மூச்சுப் பயிற்சியில் நேரம் போக்காமல் 108-ஐ அழையுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு வலி பெரிதாக இல்லாமலும் மாரடைப்பு வரலாம். இன்சுலினோ சில வகை சர்க்கரை மாத்திரைகளோ எடுப்பவர்கள் நடுக்கமும் வியர்வையுமாக விழித்தால் முதலில் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழ் இருந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். சுவிட்சைப் போட்டது போலத் தொடங்கி அதேபோல் சட்டென்று நிற்கும் அதிவேகத் துடிப்பு என்றால், இதயத் துடிப்பின் ஒழுங்கில் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பேனிக்கில் துடிப்பு மெல்ல மெல்லத்தான் இறங்கும். பலத்த குறட்டை, பகலில் தூங்கி வழிவது, திணறி விழிப்பது என்றால் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்று சோதியுங்கள். படுத்தால் மூச்சு வாங்கி, உட்கார்ந்தால்தான் தணிகிறது என்றால் இதயத்தைக் காட்டுங்கள்.

மெடிக்கலில் சீட்டில்லாமல் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை பற்றியும் சொல்ல வேண்டும். அது வேலை செய்யத் தொடங்குவதற்குள் அட்டாக் பெரும்பாலும் தானாகவே இறங்கியிருக்கும். பெயர் மட்டும் மாத்திரைக்குப் போகும். பிறகு அது பக்கத்தில் இல்லாமல் படுக்கவே பயம் வரும். அடிக்கடி அட்டாக் வருகிறவர்களுக்குப் பயன் தருவது, பயத்தைக் கூட்டும் எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசிப் பழகி மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. தேவைப்பட்டால் தினமும் எடுக்கும் செரட்டோனின் சார்ந்த மருந்துகளும் உண்டு, அவை முழுப் பலன் தரச் சில வாரங்கள் ஆகும்.

திருப்பூர்க்காரருக்குக் கடினமாக இருந்தது அட்டாக் வரும் இரவைவிட அடுத்த இரவுதான். படுக்கவே பயந்து இரண்டு மணிவரை போன் பார்ப்பார். தூக்கம் கெட்டால் அட்டாக் வரும் வாய்ப்பு கூடுகிறது. அதனால் பதினொரு மணிக்குப் படுப்பதை மாற்றவில்லை, மாலை நான்குக்கு மேல் டீயை நிறுத்தினோம், மீட்டரை அண்ணன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினோம். பகலில், என் அறையிலேயே, ஒரு நிமிடம் வேண்டுமென்றே வேகமாக மூச்சுவிட வைத்தேன். அதே விரல் மரத்துப்போதல், அதே கிறுகிறுப்பு வந்தது. "இதேதான் டாக்டர், ராத்திரி வர்றதும் இதேதான்" என்றார். இதயத்தில் கோளாறு இல்லாமலே அவை வரும் என்பதை அவர் உடம்பே அவருக்குக் காட்டியது. இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது, மற்றவர்களும் மருத்துவர் முன்னால்தான் செய்ய வேண்டும்.

யாரிடம் போவது என்று தெரியாதவர்கள் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416-ஐ அழைக்கலாம். கட்டணம் இல்லை, இரவிலும் தமிழில் பேசலாம். மருத்துவரிடம் போகும்போது விழித்த நேரம், அடங்கிய நேரம், அன்று சாப்பிட்ட மாத்திரைகள், குடித்த டீ, காபி, மது ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொண்டு வாருங்கள்.