கூடையோடு வரும் சீட்டில் ‘தண்ணீர் தெளியுங்கள்’ என்று ஏன் இருக்கிறது?

நான் முடையும் ஒவ்வொரு கூடைக்குள்ளும் ஒரு நன்றிச் சீட்டு வைப்பேன். முன்பெல்லாம் அதில் இரண்டே வரிதான்: “வாங்கியதற்கு நன்றி. தண்ணீர் படாமல் வைத்திருங்கள்.” ஒருவர் அதை அப்படியே கடைப்பிடித்தார். குளிரூட்டிய அறையிலேயே இருந்த அவருடைய பிரம்புக் கூடையின் கைப்பிடி ஒருநாள் சடக்கென்று ஒடிந்தது. தப்பு என் சீட்டில்தான்.

பிரம்பு, மூங்கில், ஓலை எல்லாமே செல்லுலோஸ் நார்களும் அவற்றை ஒட்டிப் பிடிக்கும் லிக்னின் போன்ற பொருள்களும் சேர்ந்தவை. வெட்டிக் காய்ந்த பிறகும் இவை காற்றிலிருந்து ஈரத்தை வாங்கும், திரும்ப விடும். சாதாரண அறையில் இருக்கும் பிரம்பின் எடையில் சுமார் 10 சதவீதம் தண்ணீர்தான். அந்தத் தண்ணீர் நார்களுக்கு நடுவே புகுந்து, ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் நழுவ இடம் கொடுக்கிறது. அது வற்றினால் நார்கள் விறைத்துப்போகும். வளைய வேண்டிய இடத்தில் ஒடியும். அதனால் இப்போது சீட்டில், கூடை மொறமொறவென்று சத்தம் போட்டால் லேசாகத் தண்ணீர் தெளிக்கச் சொல்கிறேன்.

இதே குணத்தை வைத்து நசுங்கிய கூடையையும் நிமிர்த்தலாம். வழியில் அமுங்கி, வட்டமான வாய் நீளவட்டமாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அந்த இடத்தில் அரைமணி நேரம் சுற்றி வையுங்கள். விரலால் அழுத்தும்போது சத்தமில்லாமல் வளைந்தால் பதம் வந்துவிட்டது. வாய்க்குப் பொருந்தும் பாத்திரம் ஒன்றை உள்ளே இறுக்கி வைத்து, காற்றோட்டமான நிழலில் இரண்டு நாள் விடுங்கள். ஈரம் போகும்போது நார்கள் புதிய நிலையிலேயே மறுபடி பிடித்துக்கொள்ளும். அவசரப்பட்டுப் பாத்திரத்தை எடுத்தால் பழைய கோணலுக்கே போய்விடும். காய்ந்ததா என்று பார்க்கக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது.

வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயுமே என்று கேட்பார்கள். காயும், ஆனால் மேற்பரப்பு முதலில் சுருங்கும். உள்பக்கம் ஊறிப் பருத்தே இருக்கும். அந்த இழுபறியில் பிரம்பு வெடிக்கும். போதாததற்கு வெயிலின் புற ஊதாக் கதிர் லிக்னினைச் சிதைத்து நிறத்தையும் மாற்றிவிடும்.

சரி, தண்ணீர் நல்லதுதானே என்று வாளியில் முக்கிவிடாதீர்கள். ஈரம் பல நாள் தங்கினால் பூஞ்சணம் வரும். பின்னலின் இடுக்கில், அடிப்பக்கத்தில்தான் முதலில் வரும். கண்ணில் படுவதற்கு முன்பே மக்கிய வாடை காட்டிக்கொடுக்கும். சாயம் போட்ட கூடையென்றால், ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு மூலையைத் துடைத்துப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் தெளிக்க வேண்டாம். முழுதாக ஒடிந்த பிரம்புக்கும் இந்த வைத்தியம் பலிக்காது. அந்தத் துண்டை உருவிவிட்டுப் புதிதாகக் கோக்க வேண்டும். என்னிடம் அனுப்பினால் செய்து தருகிறேன்.